ஏறிய நேரத்தை இரட்டித்தால் பந்து இன்னும் காற்றில்தான் இருக்கும்

கேள்வி: சேர், இணைந்த கணிதத்தில் வளித்தடை உள்ள எறியக் கணக்கு ஒன்று. கிடைக்கூறு 15, நிலைக்குத்துக்கூறு 20 மீற்றர்/செக்கன். தடை வேகத்துக்கு விகிதசமம், k = 0.5, g = 10. உச்சிக்கு 1.39 செக்கன் வந்தது. அதை இரட்டித்து 2.77 என்று எழுதினேன், விடை 3.19 என்கிறார்கள். பாதை ஏன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை?
– உயர்தர மாணவி, மாங்குளம்

பதில்: உங்கள் 1.39 சரி. பிழை இரட்டித்ததில்தான் இருக்கிறது. சமன்பாடுகளை எழுதி, 2.77 செக்கனில் பந்து எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்.

```
vx = 15 e^(-0.5t)         x = 30 (1 - e^(-0.5t))
vy = 40 e^(-0.5t) - 20    y = 80 (1 - e^(-0.5t)) - 20t
```

உச்சியில் vy = 0, ஆகவே e^(-0.5t) = 1/2. அப்போது உயரம் 12.27 மீற்றர், கிடைத்தூரம் 15 மீற்றர். நேரத்தை இரட்டித்தால் அந்த அடுக்குக்குறிப் பெறுமானம் 1/4 ஆகும். y = 60 − 55.45, அதாவது பந்து இன்னும் 4.55 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஏறும்போது 12.27 மீற்றர் கடந்த அதே நேரத்தில், இறங்கும்போது 7.72 மீற்றர்தான் கடந்திருக்கிறது.

காரணம் தடையின் திசை. பந்து ஏறும்போது ஈர்ப்பும் தடையும் இரண்டுமே கீழ்நோக்கி இழுக்கின்றன. எறிந்த கணத்தில் அமர்முடுகல் 10 + 0.5 × 20 = 20, வெறும் ஈர்ப்பின் இரு மடங்கு. அதனால் பந்து சீக்கிரம் நின்றுவிடுகிறது. இறங்கும்போது ஈர்ப்பு கீழே இழுக்க, தடை மேலே தாங்குகிறது. ஆர்முடுகல் 10இல் தொடங்கிக் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே இறங்க 1.80 செக்கன் எடுக்கிறது.

இனிக் கிடைத்திசைக்கு வாருங்கள். கூடுதல் நேரம் கிடைத்ததால் இறங்கும் பக்கம் நீளமாக இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கிடையாகத் தள்ளிவிட எதுவும் இல்லை, தடை மட்டும் விடாமல் தின்றுகொண்டிருக்கிறது. 15ஆக இருந்த vx உச்சியில் 7.5, நிலத்தைத் தொடும்போது 3.05. ஏறும்போது 15 மீற்றர் போன பந்து, அதைவிட அதிக நேரம் எடுத்தும், இறங்கும்போது 8.9 மீற்றர்தான் போகிறது. மொத்த வீச்சு 23.9 மீற்றர். தடை இல்லாவிட்டால் 60 மீற்றர் வந்திருக்கும்.

கோணத்தையும் பாருங்கள். 53 பாகையில் புறப்பட்ட பந்து ஏறத்தாழ 76 பாகையில், செங்குத்துப் போல விழுகிறது. கீழே பள்ளம் இருந்து அது விழுந்துகொண்டே இருந்தாலும் x ஒருபோதும் 30 மீற்றரைத் தொடாது. அந்தக் கோட்டை நெருங்கி நெருங்கிப் பாதை நேர்கீழாகிவிடும். வரைபடத்தாளில் x = 30 என்ற கோட்டை முதலில் கீறிவிட்டுப் புள்ளிகளைக் குறித்தால், வளைவு எந்தப் பக்கம் சரிகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

விடை சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. dvy/dt = −g − k vy என்பதைப் பறப்பு நேரம் T முழுவதற்கும் தொகையிடுங்கள். பந்து புறப்பட்ட மட்டத்துக்கே வருவதால் மொத்த நிலைக்குத்து இடப்பெயர்ச்சி பூச்சியம், k உள்ள உறுப்பு மறைந்துவிடும். மிஞ்சுவது vy = 20 − 10T. T = 3.187 என்றால் −11.87. மேலே உள்ள vy சமன்பாட்டில் போட்டாலும் அதே எண் வரவேண்டும். கிடையாக vx = 15 − 0.5 × 23.9 = 3.05, இதுவும் பொருந்துகிறது.

T ஐ நேராகத் தீர்க்க முடியாது. t = 4 (1 − e^(-0.5t)) என்று எழுதி, 3 ஐப் போட்டு, வரும் விடையைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். 3.11, 3.15 என்று ஏறி 3.19 இல் நிலைக்கும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி வரும். பந்து இறங்கத் தொடங்கியதும் தடையின் குறியை மாற்றிவிடுகிறார்கள். தேவையில்லை. vy தானே மறையாவதால் −k vy தானாகவே மேல்நோக்கித் திரும்பிவிடும். மாற்றினால் தடை பந்தைக் கீழே தள்ளுவதாக ஆகிவிடும். v² = u² + 2as ஐயும் தொடவேண்டாம், அது மாறா ஆர்முடுகலுக்கு மட்டும்.

வேகத்துக்கு விகிதசமமான தடை, வயலுக்கு மருந்தடிக்கையில் வேகம் தணிந்து மிதக்கும் நுண்துளிகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். மைதானத்தில் அடிக்கும் ரெனிஸ் பந்துக்குத் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். அங்கே கிடையும் நிலைக்குத்தும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், மேலே போல இரண்டையும் தனித்தனியே தீர்க்க இயலாது. பாதை சரியும் பக்கம் மட்டும் இதேதான்: உயர அடித்த பந்து எல்லைக்கோட்டருகே நிற்பவரின் தலைக்கு மேலிருந்து இறங்குவதுபோல வரும்.