நேரத்தை முதலில் எண்ணுங்கள், வேலையைப் பிறகு எழுதுங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. காலை 9:30 முதல் மாலை 6:30 வரை வேலை. எல்லோரும் சொல்கிறார்களே என்று தினமும் காலையில் செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன். நேற்று 13 வேலை எழுதினேன், முடிந்தது 4. மீதியை இன்றைக்கு எழுதினால் 16 ஆகிவிட்டது. பார்த்தாலே பயமாக இருக்கிறது. எனக்குப் பட்டியல் போடத் தெரியவில்லையா, வேலையே தெரியவில்லையா?

பதில்: முடிந்த அந்த நான்கும் எவை என்று ஒரு நிமிடம் பாருங்கள். பெரும்பாலும் ஒரு போன், ஒரு பிரிண்ட் அவுட், ஒரு மெயில், ஃபைலில் கோப்பது என்று சின்னச் சின்ன வேலைகளாகத்தான் இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் கை தானாகவே சின்னதைத் தேடிப் போகும். டிக் அடித்தால் ஒரு திருப்தி. பெரிய வேலை அப்படியே அடுத்த நாளுக்கு நகரும். எனவே கோளாறு உங்கள் திறமையில் இல்லை. எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று பார்க்காமலேயே வேலைகளை எழுதத் தொடங்கியதில்தான் இருக்கிறது. மாதச் சம்பளம் எவ்வளவு என்று தெரியாமல் மளிகை லிஸ்ட் போட்ட மாதிரி.

அதனால் முதல் மூன்று நாள் பட்டியலே போடாதீர்கள். மேஜையில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கூப்பிட்டால், போன் வந்தால், கணக்கு கொடுத்திருக்கும் பார்ட்டி நேரில் வந்தால், எத்தனை நிமிடம் போனது என்று அதில் குறியுங்கள். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: போனை வைத்த நேரத்தோடு கணக்கை முடிக்கக் கூடாது. விட்ட இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி டைப் செய்யத் தொடங்கும் வரைக்கும் எண்ணுங்கள். மூன்று நிமிடப் போன் எட்டு நிமிடம் தின்றிருப்பது அப்போதுதான் தெரியும்.

மூன்று நாள் கழித்து இப்படி ஒரு கழித்தல் கணக்கு போடுங்கள். 9:30 முதல் 6:30 வரை 540 நிமிடம். சாப்பாட்டுக்கு 45, இரண்டு டீக்கு 30 போக 465. துண்டுத்தாளில் குறித்ததன் சராசரி ஒரு நாளைக்கு 110 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 355. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு வாட்ஸ்அப்பும் மெயிலும் பார்ப்பது, மாலையில் மேஜையை ஒழித்து வைப்பது, இதற்கு 35 போனால் 320. இதையும் முழுதாகத் தொடாதீர்கள். கால் பங்கை, அதாவது 80 நிமிடத்தை, எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். கையில் நிற்பது 240 நிமிடம். ஒன்பது மணி நேர ஆபீஸில் பட்டியலுக்கென்று இருப்பது நான்கே மணி நேரம். உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம், ஆனால் ஆறு மணி நேரம் என்று வந்தால் எங்கோ எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள்.

அந்த 80 நிமிடத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் மதிப்பு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். 1994இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுகூட 49 நாள்தான் சொன்னார்கள். உண்மையில் ஆனது 55 நாள். மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை, பாருங்கள். ஆகவே நேரத்தை மனதுக்குள் ஊகிக்காமல், கடிகாரத்தைப் பார்த்து அளந்து எழுதுவதுதான் வழி.

அளப்பது எப்படி என்பதை உங்கள் வேலையிலேயே பார்ப்போம். தேதி ஜூலை 7 மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கான பட்டியலை இன்று கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு எழுதுங்கள். காலையில் எழுதினால் கண்முன் வந்து நிற்பவர் கேட்டதே முதல் வரியாகிவிடும். “ஜிஎஸ்டி வேலை” என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருப்பீர்கள். அது ஒரு வேலை இல்லை, ஒரு மூட்டை. பிரித்தால் உள்ளே விற்பனை பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, பார்ட்டிகளின் ஜிஎஸ்டி எண் சரியா என்று பார்ப்பது, விட்டுப்போன பில்லைக் கேட்டு வாங்குவது, விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னைத் தயார் செய்வது, ஆடிட்டரிடம் காட்டுவது, தாக்கல் செய்வது என்று ஆறு இருக்கும். நாளைக்கு இவற்றில் எது என்று தெரிந்தால்தான் எழுத முடியும். “பனியன் கம்பெனியின் ஜூன் விற்பனை பில் 80ஐ டேலியில் ஏற்றுவது” என்று எழுதுங்கள். எப்போது முடிந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிற வரிதான் பட்டியலுக்குத் தகுதியான வரி.

இப்போது இதற்கு நேரம் போட வேண்டும். முதல் பத்து பில்லை மட்டும் ஏற்றிப் பாருங்கள். 18 நிமிடம் ஆனால் 80க்கு 144 நிமிடம். 150 என்று எழுதுங்கள். மனக்கணக்கில் “ஒரு மணி நேரத்தில் முடிச்சிடலாம்” என்று இருந்திருப்பீர்கள். 240இல் 150 போக மிச்சம் 90. நூல் கடைக்காரரின் ஜூன் பேங்க் ஸ்டேட்மென்டை டேலியோடு ஒத்துப்பார்ப்பதற்கு 50. பில் கொடுக்காமல் பாக்கி வைத்திருக்கும் மூன்று பார்ட்டிகளுக்குச் சேர்ந்தாற்போல் போன் செய்ய 20. மொத்தம் 220. அவ்வளவுதான், பட்டியலை மூடிவிடுங்கள்.

மூன்றே வரியா என்று கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. முன்பு ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அலுவலகப் பொறுப்பில் இருந்தபோது, 17 வரிப் பட்டியலை மேஜையில் தெரிகிற மாதிரி வைத்திருப்பேன். அதைப் பார்த்து என்னைச் சுறுசுறுப்பானவன் என்று நினைத்தார்கள். அந்தப் பட்டியலின் பதினோராவது வரியில் கிடந்த ஒரு டிடிஎஸ் சலான், கட்ட வேண்டிய 7ஆம் தேதியைத் தாண்டி வட்டியோடு போனது. எழுதாமல் மறந்தது அல்ல, எழுதிய கூட்டத்துக்குள் தொலைந்தது.

மற்ற வேலைகள் எங்கே போகும் என்று கேட்பீர்கள். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கடைசிப் பக்கங்களில் இருந்து பின்னோக்கி எல்லா வேலைகளையும் எழுதிக்கொண்டே போங்கள், எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. கெடு இருந்தால் பக்கத்தில் தேதி போடுங்கள். அது கிடங்கு. முன்பக்கங்களில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மாலையில் கிடங்கைப் பார்த்து, கெடு நெருங்கியதிலிருந்து 240 நிமிடத்துக்கு மட்டும் எடுத்து முன்பக்கத்தில் எழுதுங்கள். முடியாதது கிடங்குக்கே திரும்பும். தானாக அடுத்த நாள் பக்கத்தில் ஏறாது. உங்கள் 13, 16 ஆனது அப்படித் தானாக ஏற்றியதால்தான். செல்போன் ஆப் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போனை எடுத்தால் வாட்ஸ்அப் வழியாகத்தானே போக வேண்டியிருக்கிறது.

150 நிமிட வேலையை எந்த நேரத்தில் வைப்பது என்று உங்கள் துண்டுத்தாளே சொல்லும். கடைக்காரர்கள் கடையைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் போன் வரத் தொடங்கும் என்றால், 9:45 முதல் 11 வரை பாதி பில்களை ஏற்றிவிடுங்கள். போன் மும்முரமான நேரத்தில் நீங்களும் போன் செய்யுங்கள்.

இனி எல்லோருக்கும் இடறுகிற இடம். 11 மணிக்கு ஆடிட்டர் கூப்பிட்டு, ஒரு பார்ட்டியின் பேலன்ஸ் ஷீட் இன்றைக்கே வேண்டும், பேங்க் லோனுக்கு என்கிறார். அதற்கு 60 நிமிடம் ஆகும். காலியாக விட்ட 80 நிமிடம் இதற்குத்தான், அதிலிருந்து எடுங்கள். அதுவும் ஏற்கனவே கரைந்துவிட்டிருந்தால் பட்டியலில் அதே அளவுள்ள ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். அதை நீங்களே முடிவு செய்யாமல் நோட்டோடு போய்க் கேளுங்கள்: “சார், இதை எடுத்தா நூல் கடை பேங்க் ஸ்டேட்மென்ட் நாளைக்குப் போகும். பரவாயில்லையா?” பெரும்பாலும் சரி என்பார். சில நாள் “அதுதான் முக்கியம், இதை நாளைக்குப் பார்” என்றும் சொல்லக்கூடும்.

ஒரே வரி மூன்று நாளாக முடியாமல் நின்றால் அதை மறுபடி எழுதாமல், ஏன் என்று பாருங்கள். உங்கள் தொழிலில் முக்கால்வாசி நேரம் காரணம் வேறொருவர் கையில் இருக்கும். ரிட்டர்ன் தயாராக இருக்கும், ஆனால் பார்ட்டியின் போனுக்குப் போகும் ஓடிபி வேண்டும். அவரோ கல்யாண வீட்டில் இருப்பார். “ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல்” என்று எழுதினால் அது உங்கள் கையில் இல்லாத வேலை. “11:30க்குப் போன் செய்து, 4 மணிக்கு ஓடிபி தருவதாகச் சொல்ல வைப்பது” என்பது உங்கள் கையில் உள்ள வேலை. முதலாவதைக் கிடங்கில் “காத்திருப்பு” என்று எழுதி, யாரிடமிருந்து, எப்போது கேட்டோம் என்று குறித்து வையுங்கள். இரண்டாவது மட்டும் இன்றைய பக்கத்துக்கு வரட்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னின் கெடு 20ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் குறுக்கீடு 110 நிமிடத்தில் நிற்காது, இரட்டிப்பாகும். 9, 10, 18, 19 தேதிகளின் பக்கத்தில் 120 நிமிடத்துக்கு மேல் எழுதாதீர்கள். அன்று பட்டியல் போடுவதே தாக்கலைத் தவிர வேறு எதுவும் உள்ளே வராமல் தடுக்கத்தான். பில் ஏற்றும் வேலையை 1ஆம் தேதியிலிருந்தே நாளுக்குக் கொஞ்சமாக வைத்தால் இது கைகூடும். பார்ட்டி 8ஆம் தேதிதான் பில்லைக் கொண்டுவந்து கொட்டுகிறார் என்றால், 1ஆம் தேதிப் பக்கத்தின் முதல் வரி அவருக்குப் போன் செய்வது.

இரண்டு வாரம் போன பிறகு, ஒவ்வொரு வரிக்கும் போட்ட நேரத்தின் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தையும் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போய், அப்படியும் கிடங்கில் வாரத்துக்கு 30 மணி நேர வேலை சேர்ந்துகொண்டே இருந்தால், உங்களிடம் இருப்பது வாரம் ஆறு நாளுக்கு 24 மணி நேரம்தான். அந்த ஆறு மணி நேரத்தை எந்தப் பட்டியலும் உண்டாக்கித் தராது. நோட்டை ஆடிட்டரிடம் நீட்டி, எந்தப் பார்ட்டியை வேறொருவரிடம் கொடுக்கலாம் என்று கேளுங்கள். அப்போது கையில் எழுதிய எண்கள் இருக்கும்.