இருமலே இல்லாம டிபியா? கழுத்துல போகாத நெறிகட்டிக்கு மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயசு. வலது பக்கம் காதுக்கு கீழ கழுத்துல கோலிகுண்டு சைஸ்ல ஒரு கட்டி, ஏழு வாரமா இருக்கு, வலியே இல்ல. ரெண்டு தடவை ஆன்டிபயாட்டிக் முடிச்சாச்சு, குறையல. டிபியா இருக்கலாம், ஊசி டெஸ்ட் எடுங்கன்னு சொல்றாங்க. இருமல் இல்ல, சளி இல்ல, அப்புறம் எப்படி டிபி? ஊசி குத்தினா பரவிடும்னு அம்மா பயப்படறாங்க. டிபின்னா எத்தனை மாசம் மாத்திரை சாப்பிடணும்?

பதில்: ஊசி டெஸ்ட்டை இந்த வாரமே எடுத்துடுங்கம்மா. மூணாவது ரவுண்டு ஆன்டிபயாட்டிக் யாராவது எழுதினா வாங்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல அம்மாவோட பயம். அந்த டெஸ்ட் ஊசி மெல்லிய ஊசிதான், கைல ரத்தம் எடுப்பாங்களே கிட்டத்தட்ட அந்த சைஸ். கட்டியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஊசியை உள்ள விட்டு கொஞ்சம் முன்னும் பின்னுமா அசைச்சு உறிஞ்சுவாங்க, ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும், பெரும்பாலும் மரத்துப்போற ஊசிகூட போட மாட்டாங்க. இதனால நோய் உடம்பெல்லாம் பரவாது. அம்மா எங்கயோ யாருக்கோ கேட்டது அனேகமா வேற விஷயமா இருக்கும்: டிபி கட்டியை சாதாரண சீழ்கட்டின்னு நினைச்சு பிளேடால கீறி விட்டுட்டா அந்த புண் ஆறாம மாசக்கணக்குல கசிஞ்சுக்கிட்டே இருக்கும், தழும்பும் அசிங்கமா விழும். அதனால கீறி விடறதுக்குதான் பயப்படணும், ஊசிக்கு இல்ல.

இருமல் இல்லாம எப்படின்னு கேட்டீங்க. கிருமி மூச்சு வழியாதான் நுரையீரலுக்கு போகுது, ஆனா அங்கயே நோயா மாறணும்னு இல்ல. நிணநீர் வழியா, சில சமயம் ரத்தம் வழியா நெறிக்கட்டிகளுக்கு போய் அங்க தூங்கும், வருஷக்கணக்கா கூட தூங்கும். அப்புறம் ஒரு நாள் முழிச்சுக்கும். அது முழிச்சுக்கிற இடங்கள்ல கழுத்து ரொம்ப சகஜம். நம்ம பழைய வைத்தியர்கள் கண்டமாலைன்னு சொன்னதுல பெரும்பகுதி இதுதான், கழுத்தை சுத்தி மாலை மாதிரி வரிசையா வீங்கறதால அந்த பேரு. காய்ச்சலும் எடை குறையறதும் சிலருக்குதான் வரும், நிறைய பேர் உங்களை மாதிரி "எனக்கு ஒண்ணுமே இல்லையே, கட்டி மட்டும்தான்"னு வருவாங்க. நெஞ்சு எக்ஸ்ரேவும் பாதிக்கு மேல பேருக்கு சுத்தமா இருக்கும்.

கை வெச்சு பாக்கறப்ப எங்களுக்கு கொஞ்சம் தெரியும். தொண்டைப்புண், பல்லு சொத்தை இதால வர்ற நெறி அமுக்கினா வலிக்கும், விரலுக்கடியில நழுவும், ரெண்டு மூணு வாரத்துல தானா வத்திடும். டிபில வலி இருக்காது, நாள் ஆக ஆக ரெண்டு மூணு கட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கொத்தா தட்டுப்படும், அதுக்கப்புறம் நடுவுல மெத்துனு ஆகி தோல் லேசா சிவந்தாலும் தொட்டா சூடே இருக்காது. கல்லு மாதிரி கெட்டியா அசையாம இருந்தா, இல்ல காறை எலும்புக்கு மேல இருந்தா கேன்சர் பயம் ஜாஸ்தி. ஆனா உங்க வயசுல லிம்ஃபோமான்னு ஒண்ணு இருக்கு, நிணநீர் கேன்சர், அதுவும் வலிக்காது, அதுவும் கழுத்துலதான் வரும், ரப்பர் மாதிரி இருக்கும். இதையும் டிபியையும் விரலால மட்டும் பிரிச்சு சொல்றேன்னு எந்த டாக்டர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அதனாலதான் ஊசி.

இப்போ நிறைய பேர் கோட்டை விடற இடத்துக்கு வரேன். ஊசில வர்றதை ரெண்டு பங்கா பிரிக்கணும். ஒரு பங்கு கண்ணாடி ஸ்லைடுல தடவி மைக்ரோஸ்கோப்ல பாக்க. இன்னொரு பங்கு சலைன் இருக்கற சுத்தமான குப்பில போட்டு ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும், கிருமியை வளர்த்து பாக்கற கல்ச்சருக்கும். இந்த ரெண்டாவது பங்கை ஃபார்மலின்ல போட்டுடக் கூடாது, ஃபார்மலின் கிருமியை கொன்னுடும், செத்த கிருமி கல்ச்சர்ல வளராது. எங்கிட்ட ஒரு பையன் வந்தான், வேற இடத்துல கட்டியையே முழுசா ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டு அனுப்பிட்டாங்க. ரிப்போர்ட்ல "கிரானுலோமா, டிபியா இருக்கலாம்"னு மட்டும் வந்துச்சு. கிரானுலோமான்னா எதிர்ப்பு சக்தி செல்கள் ஒண்ணா கூடி நிக்கற சின்ன கொத்து. எந்த மருந்துக்கு அந்த கிருமி சாகும், எதுக்கு சாகாதுன்னு கண்டுபிடிக்க ஒரு துளி கூட மிச்சமில்ல, கத்தி வெச்சும் பாதி பதில்தான் கிடைச்சுது. அதனால டெஸ்ட்டுக்கு போறப்பவே "கல்ச்சருக்கும் தனியா எடுப்பீங்கல்ல"ன்னு கேட்டுடுங்க, தப்பே இல்ல.

ஜீன் எக்ஸ்பர்ட் மெஷின்ல போட்டா ரெண்டு மணி நேரம் மாதிரி ஓடும், டிபி கிருமியோட மரபணு இருக்கா, ரிஃபாம்பிசின் மருந்தை அது எதிர்க்குதான்னு ரெண்டையும் சொல்லிடும். ஆனா ஒண்ணு, நெறிக்கட்டில கிருமி எண்ணிக்கை கம்மி, சளில இருக்கற அளவுக்கு இருக்காது. அதனால நெகட்டிவ்னு வந்தா டிபி இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது. கல்ச்சருக்கு ஆறு வாரம் வரைக்கும் ஆகும், பொறுமையா இருக்கணும், சிலருக்கு மருந்தை ஆரம்பிச்சுட்டே காத்திருப்போம். ஸ்லைடுல கிரானுலோமாவோட தயிர் மாதிரி செத்த திசுவும் தெரிஞ்சா டிபி பக்கம் சாயலாம், கிரானுலோமா மட்டும்னா சார்கோய்டோசிஸ் மாதிரி வேற நோய்லயும் வரும். ஊசில எதுவும் தெளிவா வரலன்னா, இல்ல லிம்ஃபோமா சந்தேகம் இருந்தா, ஒரு கட்டியை முழுசா எடுத்து பாக்கறதுதான் வழி. அப்பவும் பாதி ஃபார்மலின், பாதி சலைன்.

கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, எச்ஐவி, சுகர், கல்லீரல் டெஸ்ட் எடுக்கணும். எச்ஐவின்னதும் முகம் சுளிக்க வேண்டாம், டிபி சந்தேகம் வர்ற எல்லாருக்கும் எடுக்கறதுதான். ரத்தத்துல டிபி ஆன்டிபாடி பாக்கறோம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, உலக சுகாதார நிறுவனம் 2011லயே அதை பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிடுச்சு. கைல போடற மான்டூ ஊசி வீங்கினா கிருமி எப்பவோ உடம்புக்குள்ள வந்திருக்கலாம்னுதான் அர்த்தம், இந்த கட்டி டிபிதான்னு அது சொல்லாது.

மூணாவது ஆன்டிபயாட்டிக் ஏன் வேண்டாம்னா, அதுல லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஏதாவது வந்துட்டா அது டிபி கிருமியை அரைகுறையா அடக்கி வெச்சுடும், கட்டி கொஞ்சம் வத்தற மாதிரி இருக்கும், டெஸ்ட்ல கிருமி மாட்டாது, அப்புறம் திரும்ப வரும். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் மோசம், லிம்ஃபோமாவா இருந்தா அதையே கொஞ்ச நாள் மறைச்சுடும்.

சரி, டிபின்னு உறுதியானா எத்தனை மாசம்? சாதாரண மருந்துக்கு சாகற கிருமின்னா ஆறு மாசம். முதல் ரெண்டு மாசம் ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால்னு நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் ஐசோநயசிட்டும் ரிஃபாம்பிசினும் (சில நாடுகள்ல எத்தாம்புட்டாலையும் தொடர்ந்து குடுப்பாங்க). எடைக்கு தகுந்த டோஸ், தினமும். கிருமி மருந்தை எதிர்க்கறதுன்னா கணக்கே வேற, மருந்தும் வேற, அதுக்குதான் மேல அவ்வளவு அழுத்தி கல்ச்சர் கல்ச்சர்னு சொன்னேன்.

இந்த ஆறு மாசத்துல நடுவுல ஒண்ணு நடக்கும், அதை இப்பவே தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி தூக்கம் கெடாது. உங்க வயசுதான் இருக்கும், ஒரு பொண்ணு, ஆரம்பிக்கறப்ப கட்டி ரெண்டு சென்டிமீட்டர், ஜீன் எக்ஸ்பர்ட் பாசிட்டிவ், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்ல. நாலாவது வாரம் நல்லா குறைஞ்சிருக்கு. ஏழாவது வாரம் அழுதுகிட்டே வந்தாங்க, கட்டி மூணரை சென்டிமீட்டர், பக்கத்துல புதுசா இன்னொண்ணு, மெத்து மெத்துனு. வீட்டுல எல்லாரும் மருந்து வேலை செய்யல, மாத்துங்கன்னு ஒரே சத்தம். நான் மாத்திரை ஸ்ட்ரிப்பை எண்ணி பாத்தேன், ஒரு நாள் கூட விடல. ஆரம்பத்துல எடுத்த கல்ச்சர் ரிசல்ட்டும் வந்திருந்துச்சு, எல்லா மருந்துக்கும் சாகுற கிருமி. ஊசி போட்டு ஆறு மில்லி சீழ் உறிஞ்சி எடுத்து அதையும் கல்ச்சருக்கு அனுப்பினேன், அதே மாத்திரையை தொடர சொன்னேன். அந்த கல்ச்சர்ல ஒண்ணும் வளரல. அதாவது கிருமி செத்துக்கிட்டு இருக்கு, செத்த கிருமியோட குப்பை மேல உடம்போட எதிர்ப்பு சக்தி பாயறதால வீக்கம். நெறிக்கட்டி டிபில இது அபூர்வம் இல்ல, அஞ்சுல ஒருத்தருக்கு பக்கமா வரும். இதுக்கு பயந்து மருந்தை நிறுத்தறதோ மாத்தறதோதான் உண்மையான தப்பு. ஆனா இதே மாதிரி வீங்கி, ஆரம்பத்துல கல்ச்சரே எடுக்கலன்னாலோ, நடுவுல டோஸ் விட்டிருந்தாலோ, நான் அவ்வளவு தைரியமா இருக்க மாட்டேன், மருந்து எதிர்ப்பு இருக்கான்னு திரும்ப டெஸ்ட் பண்ணுவேன்.

ஆறாவது மாசம் அந்த பொண்ணுக்கு எட்டு மில்லிமீட்டர்ல ஒரு கட்டி மிச்சம் இருந்துச்சு. மருந்தை நிறுத்திட்டேன். "கட்டி இன்னும் இருக்கே டாக்டர்"னாங்க. அது பெரும்பாலும் தழும்பு, உள்ள உயிரோட கிருமி இருக்கும்னு இல்ல, கட்டி முழுசா மறையற வரைக்கும் மாத்திரை சாப்பிட்டா கல்லீரலுக்குதான் கஷ்டம். ஒரு வருஷம் கழிச்சு பாத்தேன், அதே எட்டு மில்லிமீட்டர். மருந்து முடிஞ்சப்புறம் அது பெருசாச்சுன்னா, புதுசா வந்துச்சுன்னா மட்டும் திரும்ப ஊசி.

வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒட்டுமான்னு நீங்க கேக்கல, அம்மா கேப்பாங்க. கழுத்துல மட்டும் இருக்கற டிபி ஒட்டாது, தட்டு டம்ளர் எல்லாம் தனியா வைக்க தேவையில்ல. நுரையீரல்லயும் இருக்கான்னு பாக்கதான் எக்ஸ்ரே, இருமல் வந்தா சளி டெஸ்ட்டும். உங்களுக்கு கிருமி குடுத்தவங்க யாரோ இருமிக்கிட்டு இருந்திருக்கணும், வீட்டுல யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தா அவங்களை முதல்ல கூட்டிட்டு போங்க.

மாத்திரை ஆரம்பிச்சதும் சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், அது ரிஃபாம்பிசின் கலர்தான், பதற வேண்டாம். அதே ரிஃபாம்பிசின் கர்ப்பத்தடை மாத்திரையை வேலை செய்ய விடாது, சாப்பிடறீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க, வேற வழி பாக்கலாம். சாப்பாடே பிடிக்காம வாந்தி தொடர்ந்து வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்த டீ மாதிரி போனாலோ அடுத்த டோஸ் போடாம அன்னிக்கே டாக்டரை போய் பாருங்க. சிவப்பும் பச்சையும் பிரிச்சு பாக்க கஷ்டமா இருந்தா, பார்வை மங்கினா, அது எத்தாம்புட்டால் வேலை, அதுக்கும் அன்னிக்கே.