இடுப்புப் படர்தாமரை: களிம்பை நிறுத்தினால் திரும்ப வருகிறது

"மெடிக்கலில் வாங்கிய களிம்பு போட்டால் மூணே நாளில் அரிப்பு போகுது. நிறுத்தினால் பெரிசாகி வருது. இப்போ மனைவிக்கும் இருக்கு."

அந்தக் களிம்பை நிறுத்துங்கள். டியூபில் குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு கலவை. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். வட்ட விளிம்பு மங்கிவிடுவதால் டாக்டருக்கே அடையாளம் குழம்பும்.

நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடலாம். பயந்து பழைய டியூபை எடுக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம். ஸ்டீராய்டு இல்லாத களிம்பு தந்தால் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் பூசுங்கள், கருமை மட்டும் மிஞ்சிய பிறகும் இரண்டு வாரம்.

மனைவிக்கும் அதே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். ஆளுக்கொரு துண்டு. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி வெயிலில் காயப்போடுங்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், ஈரத்தோடு அங்கேயே கிடக்கும். (எனக்கு ஆறு மாதம் இழுத்தடித்தது அதுதான்.)

மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். கல்லீரல் கோளாறு, கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.