28 நாள் கடலில், 28 நாள் வீட்டில்: அந்தச் சம்பளத்தை நம்பிக் கொண்டோ வாங்கலாமா?

கேள்வி: வயது 27. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். கடலில் இருக்கும் எண்ணெய்த் தளத்தில் ஆஃப்ஷோர் வேலை ஒன்று வந்திருக்கிறது. 28 நாள் வேலை, 28 நாள் ஓய்வு. இப்போது வாங்குவதைப் போல் இரண்டு மடங்கு வரும். போகலாமா? இதை நம்பிக் கொண்டோ வாங்கலாமா?

தம்பி, வேலைக்குப் போங்கள். கொண்டோவை மட்டும் இப்போது தொடாதீர்கள். நானும் 2012 முதல் 2016 வரை இதே வேலையில், இதே சுழற்சியில் இருந்தவன். என் கணக்கையே சொல்கிறேன்.

அடிப்படைச் சம்பளம் மாதம் 3,800 வெள்ளி. கடலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 220 வெள்ளி அலவன்ஸ். ஒரு முறை போய் வந்தால் 6,160 வெள்ளி, வருடத்துக்குச் சுமார் 40,000 வெள்ளி. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 3,300. ஆக, எங்கள் வருமானம் 7,100 என்று நானும் மனைவியும் பேசிக்கொள்வோம். அதில் கிட்டத்தட்ட பாதி, கடலில் வேலை இருந்தால் மட்டும் வரும் காசு.

2014 ஜூனில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 115 டாலர் வரை போனது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. விலை விழுந்த உடனே எங்கள் வேலை போகவில்லை. அதுதான் ஏமாற்றியது. ரிக் என்னும் துளையிடும் தளங்களைக் கட்டும் யார்டுகளில் பழைய ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன, நாங்களும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த ரிக்குகளில் பலவற்றை முன்பணம் கொஞ்சமாகக் கொடுத்து, மிச்சத்தை டெலிவரியின்போது தருவதாகச் சொல்லி ஆர்டர் செய்திருந்தார்கள். ரிக்குக்கு வேலை கிடைக்காதபோது உரிமையாளர் அதை எடுக்க வரவில்லை. டெலிவரி தேதி ஒரு முறை தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறை. தேதி இரண்டாவது முறை தள்ளிப்போனால் விழித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது அது தெரியவில்லை.

2015 செப்டம்பரில் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஐந்து மாதம் வெறும் 3,800. பிப்ரவரியில் ஆட்குறைப்பு.

அப்போது எங்களைக் காப்பாற்றியது யீஷூன் நாலறை வீவக வீடுதான். தவணை 1,100 வெள்ளி, அதை சிபிஎஃப் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டி வந்தோம். வேலை போனதும் கணக்கில் புதுப் பணம் விழுவது நின்றது. இருந்த பணம் 14 மாதத் தவணைக்குப் போதும். எனக்கு அடுத்த வேலை கிடைக்க 11 மாதம் ஆனது, துவாஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில். என்னோடு இருந்த ஒருவர் 2014 தொடக்கத்தில் கொண்டோ வாங்கியிருந்தார், தவணை 3,200. 2016 நடுவில் விற்றார். மூன்றாம் ஆண்டுக்குள் விற்றதால் விற்பனையாளர் முத்திரை வரியாக விலையில் 8% போனது. அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட உதவினேன். அந்த நாள் இன்னும் மனதில் நிற்கிறது.

வங்கி தடுக்கும் என்று நினைக்காதீர்கள். இன்றைய விதிப்படி மாறும் வருமானத்தில் குறைந்தது 30% கழித்துத்தான் கணக்கிடுவார்கள். என் எண்களில் அது 3,800 + 2,310 = 6,110. அதில் 55% வரை எல்லாக் கடன்களுக்கும் போகலாம், அதாவது மாதம் 3,360 வெள்ளி. அலவன்ஸ் நின்ற மாதத்தில் மிஞ்சுவது 440 வெள்ளி. ஆகவே தவணையை அடிப்படைச் சம்பளத்தில் 30%-க்குள் வையுங்கள். ஒரு வருடச் செலவுக்கும் தவணைக்கும் போதுமான அளவு வரும் வரை அலவன்ஸை முதலில் சேர்த்து வையுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஓய்வு மாதத்திலும் அடிப்படைச் சம்பளம் உண்டா, இல்லை கடலில் இருக்கும் நாளுக்கு மட்டும்தானா? நாள் கூலி மட்டும் என்றால் மேலே சொன்ன கணக்கே பொருந்தாது. அப்புறம், வேலை எந்தக் கட்டத்தில்? துளையிடுதல், புதுத் தளத்தை இணைத்து இயக்கிப் பார்க்கும் கமிஷனிங், இல்லை ஏற்கெனவே எண்ணெய் வந்துகொண்டிருக்கும் தளமா? புதுக் கிணற்றைத் தள்ளிப்போட ஒரு கையெழுத்து போதும், அதனால் முதல் இரண்டும்தான் முதலில் வெட்டுப்படும். ஓடும் தளத்தை அவ்வளவு எளிதில் நிறுத்த மாட்டார்கள், அங்கே டிரான்ஸ்மிட்டரும் வால்வும் பார்க்க ஆள் வேண்டும். நான் கமிஷனிங்கில் இருந்தேன். உங்களுக்கு ஓடும் தளம் கிடைத்தால் அலவன்ஸ் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். கடல் தளத்துக்குப் போகத் தேவையான பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழான போசியெட் நான்கு ஆண்டுக்குத்தான் செல்லும். காலாவதி ஆவதற்கு முன் ஒரு நாள் புதுப்பிப்புப் பயிற்சி போதும். தவறினால் ஹெலிகாப்டரிலிருந்து நீருக்கடியில் தப்பிக்கும் பயிற்சி உட்பட மூன்று நாள் பயிற்சியை மறுபடி முழுதாகச் செய்ய வேண்டும். வேலை இல்லாத காலத்தில் செலவை நினைத்து நான் அதை விட்டுவிட்டேன். 2018-ல் அழைப்பு வந்தபோது, பத்து நாளில் ஆள் வேண்டும், சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. வேலை நின்றாலும் அந்தத் தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.