பைப் சுருங்கி மேல ஏறினா அழுத்தம் எவ்ளோ குறையும்? கேள்வி பதில்

பிளஸ் டூ பையன்: அண்ணா, கீழ 5 செ.மீ. விட்டமுள்ள பைப், அதுல தண்ணி விநாடிக்கு 1.5 மீட்டர் வேகம், பிரஷர் 200 கிலோ பாஸ்கல். 4 மீட்டர் மேல ஏறி 2.5 செ.மீ. ஆகுது. மேல பிரஷர் எனக்கு 157 வருது, விடைல 144 போட்டிருக்கு. எது சரி?

144 தான் தம்பி. நீ எங்க வழுக்கினேன்னு உன் 157ஐ பாத்தாலே தெரியுது, விட்டம் பாதி ஆச்சு அதனால வேகம் ரெண்டு மடங்குன்னு 3 போட்டிருக்க. பைப்போட வாய் வட்டம், விட்டம் பாதியானா பரப்பு கால்வாசி ஆயிடும், அதனால வேகம் 4 மடங்கு, அதாவது 6. கீழ ஒரு விநாடிக்கு சுமார் 2.9 லிட்டர் உள்ள நுழையுது, நடுவுல ஓட்டையும் இல்ல தேங்க இடமும் இல்ல, அந்த 2.9 லிட்டரும் அதே விநாடில மேல வெளிய போயே ஆகணும். A₁v₁ = A₂v₂ சொல்றது அவ்ளோதான்.

இனி பெர்னூலியோட p + ½ρv² + ρgh, இந்த கூட்டுத்தொகை கீழயும் மேலயும் ஒண்ணு தான். பாஸ்கல்ல போட்டா சைபர் எண்ணியே கண்ணு வலிக்கும், நான் எப்பவும் எல்லாத்தையும் தண்ணி உயரமா மாத்திக்குவேன். 200 கிலோ பாஸ்கல்ங்கறது 20.4 மீட்டர் உயர தண்ணிக்கு சமம். இதுல 4 மீட்டர் ஏறினதுக்கே போச்சு. வேகத்துக்கான பங்கு v²/2g, கீழ அது வெறும் 11.5 செ.மீ., மேல வேகம் 4 மடங்குன்றதால இது 16 மடங்கு, 1.84 மீட்டர். கூடுதலா தேவைப்பட்டது 1.72 மீட்டர். 20.4ல 4ம் 1.72ம் போனா மீதி 14.7 மீட்டர் சொச்சம், அதை திருப்பி மாத்தினா 144. நீ 3 போட்டதால வேகத்துக்கு 34 செ.மீ. மட்டும் கழிச்சிட்ட, வித்தியாசம் அங்க தான்.

ஒரு நண்பர்: பைப் சின்னதானா பிரஷர் கூடத்தான செய்யும்? தோட்டத்து ஹோஸ் வாய கட்டைவிரலால அமுக்கினா எப்படி பீச்சி அடிக்குது. நீங்க சொல்றது உல்டாவா இருக்கே.

பாதி சரியா சொல்றீங்க. விரலுக்கு பின்னாடி, ஹோஸுக்குள்ள பிரஷர் நிஜமாவே ஏறுது. ஆனா விரலிடுக்குல வெளிய வர தண்ணி காத்தோட பிரஷருக்கு இறங்கிடுது, அந்த இறக்கம் தான் வேகமா மாறி எதிர்வீட்டு சுவர நனைக்குது.

சுருங்குற இடத்துல பிரஷர் ஏன் குறையுதுன்னா, அங்க நுழையுற ஒரு துண்டு தண்ணிய மட்டும் தனியா நினைச்சு பாருங்க. 1.5ல வந்தது 6க்கு போகுது, யாராவது பின்னாடி இருந்து தள்ளினா தான வேகம் எடுக்கும்? அப்போ பின்னாடி தள்ளு அதிகம், முன்னாடி தள்ளு கம்மி, வேற எப்படியும் இருக்க முடியாது. ஆள் கூட்டம் குறுகலான வாசல்ல நெரியுதேன்னு அந்த உதாரணத்த கொண்டு வராதீங்க, கூட்டம் வாசல்ல வேகம் எடுக்குறதில்ல, நின்னுடுது.

உங்க ஹோஸ் விஷயத்துல இன்னொரு சங்கதி ஒளிஞ்சிருக்கு. விரல் வெக்காதப்போ தண்ணி நிறைய ஓடுது, நீள ஹோஸோட சுவர்ல உரசியே பிரஷர்ல பெரும்பங்கு தீந்துடுது. விரல வெச்சதும் ஓடுற அளவு குறையுது, உரசலும் குறையுது, மிச்சமான பிரஷர் விரல் வரைக்கும் வந்து சேருது. ஒரு பக்கெட்ட வெச்சு விரலோட ஒரு தடவ, விரல் இல்லாம ஒரு தடவ நேரம் பாருங்க, விரல் வெச்சா நிரம்ப நேரம் தான் கூடும். A₁v₁ = A₂v₂ன்றது ஒரே நேரத்துல ஹோஸுக்கும் இடுக்குக்கும் நடுவுல செல்லும், விரல் வெக்கறதுக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல இல்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறவங்க தான் ஜாஸ்தி.

வீட்டு ஓனர்: சார், மொட்டை மாடி டேங்க் தண்ணி மட்டத்துல இருந்து மாடி பாத்ரூம் குழாய் 2 மீட்டர் கீழ. 15 லிட்டர் பக்கெட் நிரம்ப 75 செகண்ட் ஆவுது. ஒரு அங்குல பைப்ப எடுத்துட்டு முழுக்க அரை அங்குலம் போட்டா ஃபோர்ஸ் வரும்னு பிளம்பர் சொல்றாரு. பெர்னூலிப்படி கரெக்டா?

வேண்டாம் சார், காசு போயிடும். உங்க பக்கெட் கணக்கே நல்ல அளவீடு, அதையே வெச்சு பாப்போம். உரசலே இல்லாத உலகத்துல 2 மீட்டர் இறங்கின தண்ணி விநாடிக்கு 6.3 மீட்டர் வேகத்துல வரணும், குழாய் கிட்ட கடைசியா ஒரு அரை அங்குல துண்டு இருக்கும், அதோட உள்விட்டம் 15 மி.மீ.ன்னு வெச்சா பக்கெட் 14 செகண்ட்ல நிரம்பிடும். உங்களுக்கு 75. அதாவது விநாடிக்கு 0.2 லிட்டர், அந்த துண்டுக்குள்ள வேகம் 1.1 மீட்டர் சொச்சம், அதுக்கான உயரப் பங்கு 6.5 செ.மீ. தான். 2 மீட்டர்ல 6.5 செ.மீ. வேகமாச்சு, மிச்சம் 1.93 மீட்டரும் பைப் சுவர், எல்போ, வால்வு, குழாய்னு வழில காணாம போச்சு.

பெர்னூலி சமன்பாட்டுல இந்த காணாம போறதுக்கு இடமே கிடையாது, உரசல் இல்லாத தண்ணிக்கு எழுதினது அது. உங்க வீட்டு பைப்புக்கு அந்த இழப்ப தனியா கூட்டிக்கணும், அது விட்டத்துக்கு ரொம்ப ரோஷப்படும், அதே தண்ணி ஓடணும்னா விட்டத்த பாதியாக்கினா உரசல் கிட்டத்தட்ட 30 மடங்கு. இப்போ ஒரு அங்குலத்துல உரசல் சொற்பம், அதையும் அரை அங்குலமாக்கினா இருக்குற தண்ணியும் குறையும். பிளம்பர் சொன்னதுல நியாயம் எங்கன்னா, வாய்ல மட்டும் சின்னதாக்கினா பீச்சும், ஹோஸ் விரல் மாதிரி. குளிக்க பக்கெட் தான நிரம்பணும்?

முதல்ல குழாய கழட்டிட்டு வெறும் பைப்ல பக்கெட் வெச்சு நேரம் பாருங்க. 75 சட்டுனு 40க்கு வந்தா அடைப்பு குழாய்க்குள்ள, உப்பு படிஞ்சிருக்கும். மாறவே இல்லன்னா டேங்க் கிட்ட உள்ள கேட் வால்வ பாருங்க, கைப்பிடி சுத்தும் ஆனா உள்ள தகடு பாதில நிக்கும், எங்க வீட்டுலயே ரெண்டு வருஷம் அப்படி தான் குளிச்சோம்.

அதே ஓனர்: அப்போ 500 லிட்டர் டேங்க எடுத்துட்டு 1000 லிட்டர் வெச்சா பிரஷர் வருமா?

வராது சார். உயரம் தான் கணக்கு, கொள்ளளவு இல்ல. டேங்க ஒரு மீட்டர் தூக்கி வெச்சா கொஞ்சம் வரும். மொதல்ல குழாய கழட்டுங்க.

காலேஜ் பொண்ணு: அந்த பையன் கணக்குல மேல 1.25 செ.மீ.ன்னு மாத்தி போட்டு பாத்தேன், பிரஷர் மைனஸ் 126 கிலோ பாஸ்கல் வருது. மைனஸ் வரலாமா?

கூட்டல் கழித்தல் சரியாத்தான்மா இருக்கு, விடை தான் நடக்காது. மேல வேகம் 24 ஆகுது, அதுக்கு மட்டும் 287 கிலோ பாஸ்கல் வேணும், ஏறுறதுக்கு 39, ஆனா கைல இருக்கறது 200.

மைனஸ் வந்தாலே தப்புன்னு நினைக்காத. 200ன்னு சொன்னது கேஜ் காட்டுற பிரஷர், சுத்தி உள்ள காத்த விட எவ்ளோ அதிகம்ங்கறது. அதனால மைனஸ் 30, மைனஸ் 50 எல்லாம் நிஜத்துல வரும், அந்த இடத்துல ஓட்டை போட்டா தண்ணி வெளிய வராது, காத்து உள்ள போகும். ஆனா காத்தோட பிரஷரே 101 தான், அதுக்கு கீழ போக பைப்ல இடமில்ல. அதுக்கு முன்னாடியே, சுமார் மைனஸ் 97 கிட்ட, 30 டிகிரி தண்ணி அந்த இடத்துலயே கொதிக்க ஆரம்பிச்சிடும், சூடு பண்ணாமலே. கரைஞ்சிருக்குற காத்து இன்னும் முன்னாடியே குமிழா வரும்.

அப்போ நிஜத்துல என்ன ஆகும்னா கீழ 200 அப்படியே இருந்தா 1.5 மீட்டர் வேகம் அங்க ஓடவே ஓடாது, உரசல விட்டுட்டு கணக்கு போட்டா சுமார் 1.42லயே முட்டிடும். அதுக்கு மேல குமிழ் இடத்த அடைச்சுக்கும், பைப் முழுக்க தண்ணின்னு நாம நம்பினதே போயிடும். லேப்ல ஒரு தடவ வால்வ அதிகமா மூடி விட்டுட்டு டீ குடிக்க போயிட்டேன், திரும்பி வந்தா உள்ள ஜல்லி உருள்ற மாதிரி கரகரன்னு சத்தம். காதால கேட்டாலே கண்டுபிடிச்சிடலாம், பின்னாடி உலோகத்துல அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துடும்.

பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர்: அண்ணே, இதே மாதிரி ஏறுற பைப்புல கீழயும் மேலயும் டியூப் எடுத்து பாதரச மானோமீட்டர் மாட்டிருக்கோம். 4 மீட்டர கழிக்கணும்னு எங்க ஆள் ஒருத்தர், வேணாம்னு நான். யார் சொல்றது சரி?

நீங்க தான். ரெண்டு டியூப்லயும் தண்ணி தான நிரம்பி நிக்குது, மேல இருந்து இறங்குற டியூப்ல உள்ள 4 மீட்டர் தண்ணி அந்த உயரத்த தானாவே சரி பண்ணிடும், பாதரசத்துக்கு தெரியுறது 1.72 மீட்டர் மட்டும். பாதரசம் தண்ணிய விட 13.6 மடங்கு கனம், எதிர்ப் பக்கம் தண்ணி நிக்கறதால ஒண்ணு கழிச்சு 12.6ஆல வகுத்தா 13.7 செ.மீ. பைப்ப படுக்க வெச்சாலும் அதே 13.7 தான். உங்க ஆள் சொல்றது கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு தனி கேஜ் மாட்டினா சரி, அப்போ வித்தியாசம் 56 காட்டும், அதுல 39 உயரத்தோடது.

அதே ஆபரேட்டர்: ஆனா எங்களுக்கு 16 செ.மீ. காட்டுதே? அளவு, வேகம் எல்லாம் அந்த பையன் கணக்குல உள்ளது தான்.

2.3 செ.மீ. கூட, தண்ணி உயரத்துல 29 செ.மீ. நடுவுல 4 மீட்டர் பைப் உரசலுக்கு சுமார் 20 போகும், அது நியாயமான கணக்கு. மீதி 9 சுருங்குற இடத்துலயா இல்ல டியூப்ல மாட்டின காத்துக் குமிழாலயான்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. பம்ப்ப நிறுத்தி, வால்வ மூடி, பைப்புல தண்ணி நிரம்பி நிக்கும்போது மானோமீட்டர பாருங்க. ரெண்டு கையும் சமமா நின்னா குமிழ் இல்ல. நிக்கலன்னா டியூப்ல தண்ணி விட்டு காத்த வெளியேத்திட்டு மறுபடி ரீடிங் எடுங்க, எவ்ளோ வந்துச்சுன்னு சொல்லுங்க.