30 விநாடி கடன் ஆப் விளம்பரத்தில் வட்டி, கட்டணம், தவணை மூன்றும் அடங்குமா?

கேள்வி: எங்கள் கடன் ஆப்புக்கு 30 விநாடி வீடியோ ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். வட்டி, பிராசசிங் ஃபீஸ், தவணை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது?

பதில்:

அடங்கும். ஒரே ஒரு கடன் தொகையை எடுத்துக்கொண்டு அதைக் கடைசி வரை கணக்குப் போட்டுக் காட்டுங்கள். “12 சதவீதம் முதல்”, “5 லட்சம் வரை” என்று எழுதத் தொடங்கினால் எந்த எண்ணும் பார்ப்பவருடையதாக இருக்காது. குறைந்த வட்டி ஒருவருக்கு, பெரிய தொகை இன்னொருவருக்கு என்றுதான் ஆகும். உங்கள் ஆப்பில் அதிகம் பேர் வாங்கும் தொகையையும் காலத்தையும் எடுங்கள்.

உதாரணமாக 20,000 ரூபாய், 6 மாதம், ஆண்டு வட்டி 24 சதவீதம், குறையும் அசலுக்கு வட்டி என்று வைப்போம். மாதத் தவணை 3,571 ரூபாய், ஆறு தவணைக்கு 21,426. பிராசசிங் ஃபீஸ் 3 சதவீதம் என்றால் 600 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 108. இந்த 708 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கணக்கில் விழுவது 19,292. ஆக, 19,292 வாங்கியவர் 21,426 கட்டுகிறார். அவருக்கு ஆகும் செலவு 2,134 ரூபாய்.

பலர் சறுக்குவது இங்கேதான். வட்டி 24 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுச் செலவு விகிதம், அதாவது ஏபிஆர், சுமார் 37 சதவீதம். அந்த 708 ரூபாய் ஆறே மாதத்தில் முழுதாக விழுவதாலும், கைக்கு வராத பணத்துக்கும் வட்டி ஓடுவதாலும் இந்த ஏற்றம். கடன் காலம் குறையக் குறைய இடைவெளி இன்னும் பெருகும். எக்செலில் சரிபார்க்க:

```
=RATE(6,-3571,19292)*12
```

ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் வாங்குபவருக்கு ஒப்பந்தத்துக்கு முன் தரவேண்டிய கேஎஃப்எஸ் தாளில் இந்த ஏபிஆர் இருக்கும். விளம்பரத்தில் 24 மட்டும் கேட்டவர் அங்கே 37-ஐப் பார்த்தால் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார். அதனால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். “மாதம் 2 சதவீதம்” என்பதைத் தவிருங்கள். அதை, கடைசி வரை முழு அசலுக்கும் போடும் ஃபிளாட் வட்டி என்று எடுத்துக்கொண்டால் வட்டி மட்டும் 2,400 ரூபாய் வரும், நம் கணக்கிலோ 1,426தான்.

ஸ்கிரிப்ட் இப்படி வரலாம்:

“இருபதாயிரம் ரூபாய் கடன். கையில் வருவது பத்தொன்பதாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. பிராசசிங் ஃபீஸ், ஜிஎஸ்டி சேர்த்து எழுநூற்று எட்டு ரூபாய் பிடிப்போம். மாதம் மூவாயிரத்து ஐநூற்று எழுபத்தொன்று, ஆறு மாதம். மொத்தம் கட்டுவது இருபத்தோராயிரத்து நானூற்று இருபத்தாறு. வட்டி ஆண்டுக்கு இருபத்துநாலு சதவீதம், கட்டணமும் சேர்த்தால் முப்பத்தேழு. தவணை தவறினால் இருநூறு ரூபாய் அபராதம். கடன் தருவது…” இதன்பின் வங்கி அல்லது என்பிஎஃப்சியின் பெயர்.

அபராதத் தொகை உங்கள் கேஎஃப்எஸ்-இல் உள்ளதாகவே இருக்கட்டும். ஆப்பின் பெயரை மட்டும் சொல்லி, கடன் தரும் நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள். பணம் யாருடையது, புகார் யாரிடம் என்பது அதில்தான் இருக்கிறது.

தமிழில் எண்கள் நீளமானவை. அதனால் சொற்களை எண்ணாமல், வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள். மேலே உள்ளது நிதானமாகப் படித்தால் 30 விநாடியை ஒட்டி வரும். தாண்டினால் கடைசி வரிகளை வேகமாக ஓட்டாதீர்கள். அபராதம் அங்கேதான் இருக்கிறது, அதுதான் முதலில் காதில் விழாமல் போகும். அதற்குப் பதில் தொடக்க இசையையும் “அவசரத்துக்குப் பணமா?” போன்ற வரிகளையும் வெட்டுங்கள். எண்களை முழுமையாக்கித்தான் ஆகவேண்டும் என்றால் கைக்கு வருவதைக் கீழ்நோக்கியும், கட்டுவதை மேல்நோக்கியும் முழுமையாக்குங்கள். திரையிலும் அதே எண் இருக்க வேண்டும்.

திரை எழுத்தை வீடியோவின் அடியில் வைக்காதீர்கள். ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் கணக்கின் பெயரும் பட்டன்களும் அந்த இடத்தை மறைத்துவிடும். நடுவில், ஒரு நேரத்தில் ஓர் எண், குரல் அதைச் சொல்லி முடிக்கும்வரை நிற்கட்டும்.

வேண்டாம் என்றால் திருப்பித் தரும் கூலிங் ஆஃப் வசதியை நான் 30 விநாடிக்குள் திணிக்க மாட்டேன். ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளில் அதற்குக் குறைந்தது ஒரு நாள் உண்டு. ஆனால் அசலோடு அந்த நாட்களுக்கான செலவையும் கட்டவேண்டும், கேஎஃப்எஸ்-இல் முன்பே சொல்லியிருந்தால் பிராசசிங் ஃபீஸையும் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். பாதி மட்டும் சொன்னால் “இலவசமாகத் திருப்பலாம்” என்றே கேட்கும். 45 விநாடி கிடைத்தால் முழுதாகச் சேருங்கள், இல்லையேல் ஆப்பின் முதல் திரையில் வையுங்கள்.

வெளியிடும் முன் ப்ளே ஸ்டோர் விவரத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். குறைந்த, அதிகக் கடன் காலம், அதிகபட்ச ஏபிஆர், ஓர் உதாரணக் கணக்கு மூன்றையும் அங்கே காட்டவேண்டும் என்பது கூகுளின் விதி. வீடியோவில் உள்ள அதே 20,000 கணக்கை அங்கேயும் போட்டுவிடுங்கள். பிறகு கட்டணம் மாறினால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள், பழைய வீடியோவை விளம்பரக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.