பகல் 12 முதல் இரவு 8 வரையான உணவு நேரத்தை வீட்டுச் சாப்பாட்டால் அமைப்பது

“போர்ட் லூயியில் அலுவலக வேலை. பகல் 12 மணிக்குக் கடையில் இரண்டு தோல் பூரியோடு விரதத்தை முடிக்கிறேன். மூன்று மணிக்கே கடும் பசி. இரவில் அளவு மீறிச் சாப்பிடுகிறேன். காலையில் பால் தேநீர் மட்டுமே.”

ஐயா, உங்கள் சிக்கல் முதல் வேளை உணவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோல் பூரியில் பருப்பு மெல்லிய பூரணமாக மட்டுமே இருக்கிறது, மிச்சமெல்லாம் மைதா. ஆகவே அது விரைவில் செரித்துப் பசியைத் திரும்ப எழுப்புகிறது.

முந்தின இரவு சமைத்ததிலிருந்தே டப்பாவை நிரப்புங்கள்: ஒரு கோப்பைச் சோறு, அதே அளவு கெட்டிப் பருப்பு, ஒரு கை நிறையக் கீரை, இவற்றோடு இரண்டு முட்டையோ ஒரு துண்டு மீனோ. புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நெடுநேரம் தங்குவதால், பசி நான்கரை மணிக்கு மேல்தான் தலைகாட்டும். அப்போது ஒரு கிண்ணம் தயிரோ ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையோ போதும். இந்தச் சிற்றுணவைத் தவிர்த்துவிட்டுப் பசியோடு பேருந்தில் வீடு திரும்பினால், இரவு அளவு தவறுவது உறுதி. ஏழரை மணிக்குக் குடும்பத்தோடு உண்ணும்போது கறியும் காயும் முதலில், சோறோ பராத்தாவோ பிறகு.

காலைத் தேநீரில் பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் விரதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வெறும் தேநீர் குடியுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராயின், மருத்துவரிடம் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமல் இந்த விரதத்தைத் தொடர வேண்டாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் அது பசியன்று, சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். உடனே இனிப்பானதை உண்ணுங்கள்.